வளையும் பாதை, விடியல், வெறும் வானம்: ஒரு பிராம்ப்ட் கேட்பதும் கிடைப்பதும்

பயணக் கட்டுரைக்குத் தலைப்புப் படம் தேவைப்பட்டால் இன்று பலர் படம் உருவாக்கும் மென்பொருளைத்தான் நாடுகிறார்கள். அவர்கள் கேட்பதும் பெரும்பாலும் ஒரே படம்: வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதை, பொழுது புலரும் நேரம், தலைப்பெழுத்துகள் உட்கார இடம்விட்டு விரிந்த வானம். கேட்பதற்கு எளிய படம். ஆனால் வந்து விழுவதைப் பார்த்தால் வானம் முழுக்கத் தீப்பிடித்தது போன்ற மேகங்கள், மலை உச்சியில் தாம்பாளம் அளவு சூரியன், அதன் குறுக்கே ஒரு பறவைக் கூட்டம், கீழே எந்த வண்டியும் ஏற முடியாத ஒரு சாலை. தலைப்பை எங்கே வைத்தாலும் படிக்க முடியாது.

மென்பொருளின் தரம் மட்டும் இதற்குக் காரணமில்லை. பாதை, விடியல், வெறும் வானம் ஆகிய மூன்றும் ஒரே சட்டத்துக்குள் ஒன்றையொன்று இழுக்கின்றன. எதை எங்கே வைப்பது என்ற முடிவை எழுதுபவர் எடுக்காவிட்டால் மென்பொருள் தன் பழக்கப்படி எடுத்துவிடும். அந்தப் பழக்கம் எங்கிருந்து வருகிறது, எந்தச் சொற்கள் அதை மாற்றும், எதைச் சொல்லால் மாற்றவே முடியாது என்பதைத்தான் இந்தக் கட்டுரை பார்க்கிறது.

பலரும் முதலில் எழுதும் பிராம்ப்ட் இப்படி இருக்கும்:

```
beautiful winding mountain road at sunrise,
wide empty sky, no clouds, no birds, no cars
```

இதில் பெரிய சிக்கல் 'வேண்டாம்' என்று சொன்ன இடங்களில் இருக்கிறது. இந்த மென்பொருள்கள் கற்றுக்கொண்டவை கோடிக்கணக்கான படங்களும் அவற்றோடு ஒட்டியிருந்த விளக்க வரிகளும். ஒரு படத்தில் என்ன இருக்கிறது என்றுதான் மனிதர்கள் விளக்கம் எழுதுகிறார்கள், என்ன இல்லை என்று எழுதுவதில்லை. மேகமே இல்லாத வானத்தைப் படம் பிடித்தவர் 'நீல வானம்' என்று எழுதுவாரே தவிர, 'மேகம் இல்லை, பறவை இல்லை' என்று பட்டியல் போட மாட்டார். ஆகவே 'பறவை' என்ற சொல் வந்தாலே அது பறவைகள் இருந்த படங்களின் பக்கம் இழுக்கும். முன்னால் போட்ட 'இல்லை' அதைத் தடுக்கும் அளவுக்கு வலுவாக இருப்பதில்லை. 2022இல் வெளிவந்த ஸ்டேபிள் டிஃப்யூஷனில் இந்தக் குறை மிக வெளிப்படையாகத் தெரிந்தது. அதன் சொல் வாசிக்கும் பகுதி ஒரு நேரத்தில் 77 டோக்கன்களை மட்டுமே ஏற்கும். தொடக்கத்துக்கும் முடிவுக்குமான இரண்டு குறிகள் அதற்குள்ளேயே அடக்கம்.

அதனால்தான் வேண்டாதவற்றை எழுதத் தனிப்பெட்டி வந்தது. அது வேலை செய்யும் விதம் தெரிந்தால் அதன் எல்லையும் தெரியும். இரைச்சலிலிருந்து படிப்படியாகப் படத்தை மீட்கும்போது ஒவ்வொரு படியிலும் மென்பொருள் இரண்டு ஊகங்கள் செய்கிறது. ஒன்று நம் பிராம்ப்டை வைத்து, மற்றொன்று வேண்டாதவை பட்டியலை வைத்து. இரண்டாவதிலிருந்து விலகி முதலாவதை நோக்கி நகர்கிறது. எவ்வளவு தூரம் நகர வேண்டும் என்பதை ஓர் எண் தீர்மானிக்கிறது. பழைய ஸ்டேபிள் டிஃப்யூஷனில் வழக்கமான மதிப்பு 7.5. இந்த எண்ணைக் கூட்டினால் பிராம்ப்டுக்கு அதிகம் கட்டுப்படும் என்று நம்பி 12, 15 என்று ஏற்றுகிறவர்கள் உண்டு. விடியல் படத்துக்கு இது கெடுதல். நிறங்கள் முறுக்கேறி, இளஞ்சிவப்பு ரத்தச் சிவப்பாகிவிடும். அமைதியான வானம் வேண்டுமென்றால் எண்ணை 4, 5 என்று இறக்கிப் பார்ப்பதே நல்லது.

எல்லா மென்பொருளிலும் இந்தத் தனிப்பெட்டி கிடையாது. மிட்ஜர்னியில் பிராம்ப்டின் கடைசியில் `--no clouds` என்று சேர்க்கலாம். 2024இல் வந்த ஃப்ளக்ஸ்.1 வகைகளில் அந்த இரட்டை ஊகத்தையே பயிற்சியில் சுருக்கி ஒன்றாக்கிவிட்டதால், வேண்டாதவை பட்டியலுக்கு இயல்பாக இடமில்லை. 2023இல் வந்த டால்-ஈ 3 நாம் எழுதியதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், ஒரு மொழி மாதிரியைக் கொண்டு நீட்டி எழுதிய பிறகே படம் வரைகிறது. நாம் 'மலைப்பாதை, விடியல்' என்று மட்டும் தந்தால், நீட்டும்போது மூடுபனி, பொன்னிற மேகங்கள், தொலைவில் பறவைகள் என அலங்காரங்கள் சேர்ந்துவிட வாய்ப்புண்டு. சுருக்கமாக எழுதினால் எளிமையான படம் வரும் என்ற எண்ணம் இங்கே தலைகீழாகிறது. விடுபட்ட இடத்தை யாரோ நிரப்புகிறார்கள்.

தமிழிலேயே எழுதினால் என்ன என்ற கேள்வி நியாயமானது. மொழி மாதிரி இடையில் இருக்கும் மென்பொருள்களில் தமிழில் எழுதியே நல்ல படம் பெறலாம். பழைய வகையில் முடியாது. அதன் சொல் வாசிக்கும் பகுதி பெரும்பாலும் ஆங்கில விளக்கங்களில் பயின்றது. ஒரு தமிழ் எழுத்துக்குறி கணினியில் மூன்று பைட்டுகளாகப் பதிவாவதால், ஒவ்வொரு சொல்லும் பல துண்டுகளாகச் சிதறி 77 டோக்கன் இடம் இரண்டு வரியிலேயே தீர்ந்துவிடும். துண்டுகளும் அதற்குப் பொருள் தருவதில்லை. ஆகவே கீழே வரும் மாதிரிகளை ஆங்கிலத்திலேயே தருகிறேன்.

வேண்டாததை மறுப்பதைவிட, அந்த இடத்தில் என்ன இருக்க வேண்டும் என்று சொல்வதுதான் எல்லா மென்பொருளிலும் செல்லும். 'வெறும் வானம்' என்பதற்குப் பதில், 'கீழே வெளிர் பீச் நிறத்திலிருந்து மேலே நீலத்துக்குச் சீராக மாறும் தெளிந்த வானம்' என்று எழுத வேண்டும். அப்போது அந்தப் பரப்பில் வரைவதற்கு மென்பொருளுக்கு ஒரு வேலை கிடைக்கிறது. கூடவே பரப்பின் அளவையும் சொல்ல வேண்டும்: அடிவானம் சட்டத்தின் கீழ் மூன்றில் ஒரு பங்கில், மேல் இரண்டு பங்கு வானம். 'விரிந்த' என்ற சொல் தராத இடத்தை இந்த ஒரு வரி தந்துவிடும்.

சட்டத்தின் வடிவமும் இதோடு சேர்ந்ததே. தலைப்புப் படம் பெரும்பாலும் நீளப்பட்டை; அகலம் மூன்று என்றால் உயரம் ஒன்று. தொடக்க கால ஸ்டேபிள் டிஃப்யூஷன் 512க்கு 512 பிக்சல் சதுரங்களில் பயின்றது. அதனிடம் 1536க்கு 512 கேட்டால், தனக்குத் தெரிந்த சதுரத்தை மூன்று முறை பக்கத்தில் பக்கத்தில் வரைந்து ஒட்டியது போலச் செய்யும். இரண்டு சூரியன், மூன்று பாதை, ஒவ்வொரு பாதைக்கும் ஒரு மலை. இது தற்செயல் பிழை இல்லை, பயின்ற அளவைத் தாண்டியதன் விளைவு. அதற்குப் பின்வந்த எஸ்டிஎக்ஸ்எல் பல வடிவச் சட்டங்களில் பயின்றது. 1536க்கு 640 அதற்கு இயல்பான அளவு. மிட்ஜர்னியில் `--ar 3:1` என்று கேட்கலாம். டால்-ஈ 3 தரும் மிக அகலமான அளவு 1792க்கு 1024. அதிலிருந்து 3:1 பட்டை வெட்டினால் உயரத்தில் 597 பிக்சல்தான் மிஞ்சும், 427 பிக்சல் போய்விடும். எனவே அங்கே அடிவானத்தைக் கீழ் மூன்றில் ஒன்றில் கேட்பதைவிட நடுவுக்குச் சற்றுக் கீழே கேட்டுவிட்டு, பிறகு மேலும் கீழும் வெட்டுவதே சரி.

இனி விடியல். மூன்றிலும் அதிகம் ஏமாற்றுவது இதுதான்.

'சூரிய உதயம்' என்று விளக்கம் எழுதப்பட்ட படங்களில் பெரும்பாலும் சூரியனும் மேகமும் இருக்கும். மேகமில்லாத விடியலை அதிகம் பேர் படம் பிடித்துப் பகிர்வதில்லை; சிவந்த மேகங்கள் கிடைத்த நாளில்தான் கேமராவை எடுக்கிறார்கள். ஆகவே அந்தச் சொல் ஒன்றே மேகத்தையும் சூரிய வட்டத்தையும் உடன் அழைத்து வந்துவிடுகிறது. வானம் ஒழுங்காக இருக்க வேண்டுமென்றால் 'உதயம்' என்ற நிகழ்ச்சியைக் கேட்பதைவிட அதன் ஒளியைக் கேட்பது நல்லது: தாழ்ந்த சூரியன், சட்டத்துக்கு வெளியே, இடப்பக்கத்திலிருந்து வரும் வெளிச்சம்.

சூரியன் சட்டத்துக்குள் வந்தே ஆக வேண்டும் என்பவர்கள் அதன் அளவைச் சரிபார்க்க வேண்டும். வானில் சூரியனின் அகலம் சுமார் அரை டிகிரி. மலைப்பாதையை அகலமாகக் காட்டும் 24 மில்லிமீட்டர் லென்ஸ் இடமிருந்து வலமாக ஏறக்குறைய 74 டிகிரி பார்க்கும். அப்படியானால் 1536 பிக்சல் அகலப் படத்தில் சூரியன் சுமார் 10 பிக்சல்தான். மென்பொருள் வரையும் சூரியனோ பல நேரம் 80, 100 பிக்சல் இருக்கும். சூரியன் அவ்வளவு பெரிதாகத் தெரிய 200 மில்லிமீட்டர் போன்ற தொலைவு லென்ஸ் வேண்டும். அந்த லென்ஸில் காட்சி ஏறக்குறைய பத்து டிகிரிக்குள் அடங்கிவிடும். பாதையின் வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியது போல நெருங்கித் தெரியும், விரிந்த வானம் இருக்காது. பெரிய சூரியனும் விரிந்த வெளியும் ஒரே லென்ஸில் கிடைப்பதில்லை. பார்ப்பவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியாமல் இருக்கலாம். ஆனால் படத்தில் ஏதோ பொய் என்பது தெரிந்துவிடும்.

வெளிச்சத்தின் திசையிலும் இதே பொய் வரும். சூரியன் எதிரே இருந்தால் நம்மைப் பார்த்திருக்கும் எல்லாப் பக்கமும் நிழலில் இருக்க வேண்டும். மரங்கள் கருத்து நிற்கும், நிழல்கள் நம்மை நோக்கி நீளும், தார்ச்சாலை மட்டும் மேலோட்டமாகப் பளபளக்கும். உருவாக்கிய படங்களில் சூரியன் எதிரே இருக்கும்போதே முன்னாலுள்ள புல்லும் பாறையும் பச்சைப்பசேல் என்று ஒளிரும். ஒரே வழிதான் சோதனைக்கு உண்டு. தடுப்புக் கல்லோ மரமோ ஏதாவது ஒன்றின் நிழலைப் பிடித்து, அது எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள். அடுத்த பொருளின் நிழலும் அதே சூரியனிலிருந்து விலகியே விழ வேண்டும்.

பழைய மென்பொருள்களில் இன்னொரு ஆழமான காரணமும் இருந்தது. பயிற்சியின்போது படத்தை இரைச்சலால் மூடிக்கொண்டே போனாலும், கடைசிப் படியிலும் படத்தின் சராசரி வெளிச்சம் கொஞ்சம் கசிந்துகொண்டிருந்தது. மென்பொருள் அந்தக் கசிவைப் பார்த்தே படம் இருட்டா வெளிச்சமா என்று கணிக்கப் பழகிவிட்டது. உருவாக்கும்போது தொடங்குவது கலப்பில்லாத இரைச்சலில், அதன் சராசரி நடுநிலை. அதனால் முடிவில் வரும் படமும் நடுத்தர வெளிச்சத்துக்கே திரும்பும். நமக்கு வேண்டியதோ மூன்றில் இரண்டு பங்கு வெளிர் வானம். சராசரியைச் சமன்செய்ய அது கீழே கரிய மலையையோ மேலே கரிய மேகத்தையோ சேர்க்க முனையும். 2023இல் இரண்டு வழிகளில் இந்தக் கோளாறு விளக்கப்பட்டது. நிக்கோலஸ் குட்டன்பெர்க் பயிற்சி இரைச்சலில் ஒரு சிறு ஏற்றத்தாழ்வைச் சேர்த்துச் சரிசெய்தார். வேறொரு ஆய்வுக் குழு, கடைசிப் படியில் படம் முழுமையாக அழிய வேண்டும் என்று இரைச்சல் அட்டவணையையே திருத்தியது. எவ்வளவு கெஞ்சி எழுதினாலும் வெளிர் விடியல் வராமல் போன காலத்துக்கு இதுவே விளக்கம். அங்கே சொல்லில் குறை இல்லை. புதிய மென்பொருள் எடுப்பதே தீர்வு.

இத்தனையையும் ஓர் உண்மையான இடத்தில் வைத்துப் பார்ப்போம். தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் மலைப்பாதையை எடுத்துக்கொள்கிறேன். 17 கொண்டை ஊசி வளைவுகள். கொச்சி–தொண்டி தேசிய நெடுஞ்சாலையின் பகுதி. இந்த எடுத்துக்காட்டுக்கு அது ஏன் பொருத்தம் என்றால், போடி கிழக்கே சமவெளியில் இருக்கிறது, மெட்டு மேற்கே முகட்டில். மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு முகத்தில் பாதை ஏறுவதால் காலை வெயில் நேராக அதன்மீது விழும். மேற்கு முகத்தில் ஏறும் பாதைகளுக்கு இந்த வாய்ப்பு இல்லை. அங்கே சூரியன் முகட்டைத் தாண்டி வரும்வரை பாதை நிழலில் கிடக்கும். 'மலைப்பாதையில் விடியல்' என்று எழுதுபவர் மலையின் எந்த முகம் என்று நினைத்துப் பார்ப்பதே இல்லை.

போடிமெட்டுச் சாலையில் நின்று மூன்று பக்கம் பார்க்கலாம். கீழே சமவெளியில் நின்று மேற்கே பார்த்தால் வெயில் முழுக்க மலைமீது விழுந்திருக்கும். ஆனால் மலையே சட்டத்தை நிரப்பிவிடும், வானத்துக்கு இடமில்லை. மேலே நின்று கிழக்கே பார்த்தால் வானம் ஏராளம். சூரியன் நேர் எதிரே, பாதை கரிய கோடாகிவிடும். நடுவில் ஒரு வளைவில் நின்று தெற்கே பார்த்தால் வலப்புறம் மலைச்சரிவும் பாதையும், இடப்புறம் கீழே சமவெளியும் அதன்மேல் வானமும் வரும். வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து சரிவைத் தடவி விழும். இடமிருந்து வலமாக எழுதும் தமிழுக்கு, தலைப்பு உட்கார வேண்டிய இடமும் இடப்பக்கமே. எனக்கு இந்த மூன்றாவதுதான் படம்.

மாதத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். நம் பகுதியில் டிசம்பர் கடைசியில் சூரியன் நேர் கிழக்கிலிருந்து சுமார் 24 டிகிரி தெற்கே தள்ளி உதிக்கும், ஜூனில் அதே அளவு வடக்கே. தெற்கே பார்த்த 24 மில்லிமீட்டர் சட்டத்தின் இட ஓரத்திலிருந்து டிசம்பர் சூரியன் ஏறக்குறைய 29 டிகிரி வெளியே நிற்கும். வெளிச்சம் சற்று முன்னாலிருந்து வரும், இடப்பக்க வானம் நன்றாக வெளுக்கும். ஜூன் சூரியன் 77 டிகிரி வெளியே, தோளுக்குப் பின்னால் என்றே சொல்லலாம். சரிவு முழுதும் ஒளிரும், வானம் நீலமாக இருக்கும். பிராம்ப்டில் 'டிசம்பர்' என்று எழுதினால் பனி கொட்டிவிடக்கூடும். எனவே மாதத்தை எழுதாமல் அதன் விளைவை எழுத வேண்டும்.

பொழுதின் நீளமும் நம் பக்கம் வேறு. சூரியன் இங்கே ஏறக்குறைய நெட்டுக்குத்தாக எழும். அடிவானத்திலிருந்து 6 டிகிரி உயர 25 நிமிடம் போதும். வட ஐரோப்பாவில் 60 டிகிரி அட்சரேகையில், வசந்த காலத்தில் அதே உயரத்துக்கு 48 நிமிடம் ஆகும். அங்கே எடுக்கப்பட்ட விடியல் படங்களில் கனிந்த சிவப்பு நெடுநேரம் நிற்கிறது. நமக்கு வெளிர் மஞ்சளும் புழுதி கலந்த பீச் நிறமும் சீக்கிரமே வெள்ளையாகிவிடும். போடியின் விடியல் என்று நம்பும்படி இருக்க, நிறத்தை அடக்கித்தான் கேட்க வேண்டும்.

இப்போது பிராம்ப்ட் இப்படி மாறுகிறது:

```
mountain road climbing a steep green hillside on the right,
seen from a bend, soft low light from the left,
sun outside the frame, hazy plain far below,
horizon in the lower third, smooth clear sky
from pale peach to light blue above, 24mm photograph
```

அழகு, அற்புதம் போன்ற சொற்கள் எதுவும் இதில் இல்லை. அவை அலங்காரமான படங்களின் பக்கமே இழுக்கும். நின்ற இடம், சரிவின் பக்கம், வெளிச்சத்தின் பக்கம், அடிவானத்தின் உயரம், வானத்தின் நிறம், லென்ஸ். அவ்வளவுதான். 'வளைந்த' என்ற சொல்லையும் எடுத்துவிட்டேன், அதற்குக் காரணம் சாலையில் இருக்கிறது.

'வளைந்த பாதை' என்று கேட்டால் வருவது, புல்வெளியில் போட்ட ரிப்பன். சமதரையில் எதற்கென்று தெரியாமல் இடமும் வலமும் ஓடும். மலைச்சாலை அப்படி வளைவதில்லை. வண்டி ஏறக்கூடிய சரிவுக்காகத்தான் அது நீள்கிறது, நீள்வதற்காகத்தான் திரும்புகிறது. 600 மீட்டர் உயரத்தை 6 சதவீதச் சரிவில் ஏற 10 கிலோமீட்டர் சாலை வேண்டும். அந்த நீளத்தை ஒரு மலைமுகத்துக்குள் அடக்கத்தான் கொண்டை ஊசி வளைவு. ஆகவே உண்மையான படத்தில் சாலையின் ஒவ்வொரு நீட்டமும் சரிவின் குறுக்கே ஏறக்குறைய மட்டமாக, மெல்ல உயர்ந்தபடி போகும். கடைசியில் திரும்பி அதற்குமேல் இன்னொரு நீட்டமாக வரும். மலைப்பக்கம் வெட்டிய மண்ணோ பாறையோ தெரியும், பள்ளத்துப் பக்கம் தாங்கு சுவரும் தடுப்பும் இருக்கும்.

திருப்பத்துக்கும் அளவு உண்டு. இந்தியச் சாலை நெறிமுறைப்படி கொண்டை ஊசி வளைவின் உள்வட்ட ஆரம் குறைந்தது 14 மீட்டர். இருவழி நெடுஞ்சாலையாக இருந்தால் வளைவின் முனையில் அகலம் 11.5 மீட்டர். வளைவில் சாலை விரிய வேண்டும், சரிவு தணிய வேண்டும். மென்பொருள் வரையும் வளைவில் சாலை மடித்த காகிதம் போலக் குறுகும், சில நேரம் நேராகச் சரிவின் கீழே பாயும். மலைக்குப் பின்னால் மறைந்த சாலை மறுபுறம் வேறு அகலத்தில் வெளியே வருவது இன்னொரு பிழை. விரலை வைத்துச் சாலையைக் கீழிருந்து மேலே தொடர்ந்து பாருங்கள். எங்காவது விரல் தயங்கினால் அங்கே பிழை இருக்கிறது. நடுக்கோடு இரட்டிக்கிறதா, ஓரக்கோடு பாறைக்குள் போகிறதா, வண்டி இருந்தால் இடப்பக்கம் போகிறதா என்றும் பார்க்க வேண்டும். வளைவு எண் எழுதிய பலகையை மட்டும் கேட்கவே கூடாது. பல மென்பொருள்களில் தமிழ் எழுத்துகள் உருக்குலைந்து வரும்.

சாலையைச் சொற்களால் திருத்தும் முயற்சி ஓரளவுக்குமேல் பயன் தராது என்பதே என் முடிவு. சொல் ஒரு பொருளைத் தரும், அதன் கோட்டைத் தராது. 2023இல் வந்த கண்ட்ரோல்நெட் இந்த இடத்தில்தான் உதவுகிறது. காகிதத்தில் அடிவானத்தையும் சரிவையும் சாலையின் மூன்று நீட்டங்களையும் பென்சிலால் கோடாக வரைந்து கொடுத்தால், அந்தக் கோடுகளுக்குள் அது படத்தை நிரப்பும். நல்ல கோட்டுக்கு ஓவியத் திறமை தேவையில்லை, சாலை எப்படி ஏறுகிறது என்பது தெரிந்தால் போதும். வானத்தில் கோடே போடாமல் விட்டால் அங்கே எதுவும் முளைக்கும் வாய்ப்பும் குறைகிறது. ஒரு வளைவு மட்டும் கெட்டிருந்தால் அந்தப் பகுதியை மறைத்து அதை மட்டும் திரும்ப வரையச் சொல்லலாம்.

படம் சரியாக வந்தபின் வானத்தில் இரண்டு சோதனைகள் பாக்கி. ஒன்று, எழுத்து தெரிகிறதா என்பது. வெளிர் பீச் நிற வானத்தை எடுத்துக்கொள்வோம்: சிவப்பு 250, பச்சை 214, நீலம் 165. அதன்மீது வெள்ளை எழுத்தை வைத்தால் ஒளி வேறுபாடு 1.4க்கு 1தான் வரும். பெரிய எழுத்துக்கே 3க்கு 1 வேண்டும், சிறிய எழுத்துக்கு 4.5க்கு 1 என்பது அணுகல் வழிகாட்டி நெறி. அதே வானத்தில் கருநீல எழுத்து வைத்தால் 10க்கு மேல் போகும். வெள்ளையில்தான் தலைப்பு வேண்டுமென்று பிடிவாதம் பிடித்து வானத்தின்மேல் கறுப்பு மூட்டம் போடுகிறவர்கள், பாடுபட்டுப் பெற்ற விடியலைத் தாங்களே அணைக்கிறார்கள். எழுத்தின் நிறத்தை மாற்றுவது எளிது.

மற்றது, பட்டை விழுதல். தெளிந்த வானம்தான் இதில் அதிகம் மாட்டும். சாதாரணப் படக் கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள். வானத்தின் மேலிருந்து கீழ்வரை நிறம் 60 படி மட்டுமே மாறுகிறது, வானத்தின் உயரம் 660 பிக்சல் என்றால், ஒவ்வொரு படியும் 11 பிக்சல் பட்டையாக நிற்கும். கண் அந்த விளிம்புகளை மிகைப்படுத்திப் பார்க்கும். கோப்பை அழுத்திச் சுருக்கினால் பட்டைகள் இன்னும் தடிக்கும். சேமிக்குமுன் வானத்தில் மிக மெல்லிய இரைச்சல் தூவினால் விளிம்புகள் கரைந்துவிடும். படத்தைத் தற்காலிகமாகக் காண்ட்ராஸ்ட் கூட்டிப் பார்த்தால் பட்டைகள் உடனே தெரியும். சில பெரிதாக்கும் மென்பொருள்கள் வெறும் வானத்தில் புதிதாக மேகப் பிசிறு சேர்க்கும் பழக்கமும் அதே சோதனையில் அகப்படும்.

கடைசியாக ஒன்று, இதில் எனக்குச் சமரசம் இல்லை. மேலே உள்ள பிராம்ப்டில் வரும் படம் போடிமெட்டு இல்லை. போடிமெட்டின் பெயரைச் சேர்த்து எழுதினாலும் ஆகாது. குறைவாகப் படம்பிடிக்கப்பட்ட ஊரின் பெயர் மென்பொருளுக்குப் பொதுவான ஒரு பச்சை மலை, அவ்வளவே. அந்தப் படத்தின் கீழ் ஊர்ப்பெயரைப் போட்டால், அங்கே இல்லாத ஒரு வளைவைத் தேடி யாராவது மலை ஏறுவார். மலைப்பயணம் பற்றிய பொதுக் கட்டுரைக்கு உருவாக்கிய படத்தைப் பயன்படுத்துங்கள், அது உருவாக்கப்பட்டது என்று ஒரு வரி போடுங்கள். குறிப்பிட்ட ஒரு சாலையைப் பற்றி எழுதுகிறீர்கள் என்றால் அந்தச் சாலையின் ஃபோட்டோவையே போடுங்கள்.